0.38-ஆ, 3.2-ஆ? ஒரே பேலன்ஸ் ஷீட்டில் கம்பெனி பார்க்கும் கடனும் வங்கி பார்க்கும் கடனும்

2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்களுக்கான இறக்குமதி வரியை அமெரிக்கா 50 சதவீதமாக உயர்த்தியதும், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத் தோல் தொழிலில் இரண்டு பேச்சுகள் ஒன்றாக எழுந்தன. வாங்குகிறவர்கள் விலையைக் குறைக்கச் சொன்னார்கள். பணம் தரக் கூடுதல் நாள் கேட்டார்கள். நாள் கூடினால் நடைமுறை மூலதனம் கூடுதலாக வேண்டும். அதற்கு வங்கிக்குப் போனால், "கடன் ஏற்கெனவே அதிகம்" என்று பதில் வருகிறது. ஆடிட்டர் போட்டுக் கொடுத்த தாளிலோ கடன்–பங்கு விகிதம் ஒன்றுக்கும் கீழே இருக்கிறது. யார் சொல்வது சரி?

இரண்டு பேருமே சரியாகக் கூட்டிக் கழித்திருக்கலாம். எதைக் கடன் என்று எடுக்கிறோம், எதைச் சொந்தப் பணம் என்று எடுக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம். அதைப் பார்த்த பிறகு, வங்கி உண்மையில் கவலைப்படுவது வேறொரு விகிதத்தைப் பற்றி என்பதும் தெரியும்.

இரண்டு விகிதங்கள், இரண்டு கேள்விகள்

1. கடன்–பங்கு விகிதம்: தொழிலில் போட்டிருக்கும் பணத்தில் வெளியார் பணம் எவ்வளவு, முதலாளிகளின் பணம் எவ்வளவு? மொத்தக் கடனைச் சொந்த நிதியால் வகுத்தால் கிடைக்கும். சொந்த நிதி என்பது பங்கு மூலதனமும், இத்தனை ஆண்டு லாபத்தில் வெளியே எடுக்காமல் விட்டதும் சேர்ந்தது. விகிதம் 2 என்றால் நம்முடைய ஒரு ரூபாய்க்கு வெளியார் பணம் இரண்டு ரூபாய்.

2. வட்டி ஈடு விகிதம்: ஓர் ஆண்டில் தொழில் ஈட்டும் லாபம் அந்த ஆண்டின் வட்டியைப் போல் எத்தனை மடங்கு? வட்டிக்கும் வருமான வரிக்கும் முந்தைய லாபத்தை வட்டியால் வகுக்க வேண்டும். 1 என்றால் சம்பாதித்தது முழுக்க வட்டிக்கே போகிறது. 1-க்குக் கீழே போனால் வட்டி கட்டவே கையிருப்பைத் தொட வேண்டும், அல்லது புதிதாகக் கடன் வாங்க வேண்டும்.

முதலாவது மார்ச் 31 என்ற ஒரு நாளின் நிலவரம். இரண்டாவது 365 நாளின் கணக்கு. இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு வரும்.

கணக்குப் போட்டுப் பார்க்க ஒரு தொழிற்சாலை

ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு டேனரி என்று வைத்துக்கொள்வோம். விளக்கத்துக்காக உருவாக்கிய கணக்கு இது, எந்த நிறுவனத்துடையதும் அல்ல. பதனிட்டு முடித்த தோலை ஷூ, பை ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு விற்கிறது. ஆண்டு விற்பனை 40 கோடி ரூபாய். மார்ச் 31 அன்று அதன் பேலன்ஸ் ஷீட்டில் பணம் வந்த வழி இப்படி இருக்கிறது (எல்லாம் கோடி ரூபாயில்):

- பங்கு மூலதனம் 1.50
- சேர்ந்த லாபம் 4.50
- நிலத்தை மறுமதிப்பீடு செய்ததில் ஏறிய தொகை 2.00
- வங்கியின் டேர்ம் லோன் 3.00
- குடும்பத்தார் கொடுத்த ஈடில்லாக் கடன் 2.00
- கேஷ் கிரெடிட், அதாவது வங்கி அனுமதித்த லிமிட் வரை எடுத்தும் கட்டியும் சுழற்றும் சிசி கணக்கில் எடுத்திருப்பது 7.00 (லிமிட் 11.00)
- தோல் வியாபாரிகளுக்கும் கெமிக்கல் கடைக்கும் தர வேண்டியது 4.00

மொத்தம் 24 கோடி. இந்தப் பணம் நிலம், கட்டடம், இயந்திரத்தில் 8.00, ஸ்டாக்கில் 8.00, வர வேண்டிய பாக்கியில் 6.50, அதே குடும்பத்தின் இன்னொரு நிறுவனத்துக்குக் கொடுத்த கடனில் 1.00, கையிருப்பில் 0.50 என்று நிற்கிறது.

கம்பெனி தரப்பு, நீண்ட காலக் கடன் மட்டுமே கடன் என்ற பழைய பாடப்புத்தக வரையறையை எடுக்கிறது. 3 கோடி டேர்ம் லோனை 8 கோடி சொந்த நிதியால் வகுத்தால் 0.38. "சிசி சுழன்றுகொண்டே இருக்கிற பணம் சார், அதை எப்படிக் கடனில் சேர்ப்பது?" என்பது வழக்கமான வாதம். சுழல்வது உண்மைதான். ஆனால் பத்து ஆண்டுகளாக ஒரு நாளும் பூஜ்யத்துக்கு வராத சிசி, பெயரில்தான் குறுகிய காலக் கடன்.

வங்கி எதைக் கழிக்கிறது, எதைச் சேர்க்கிறது

வங்கி அதிகாரி முதலில் சொந்த நிதியில் கை வைக்கிறார். நிலத்தின் மதிப்பு ஏறியதாக எழுதிய 2 கோடி கழிகிறது. தாளில் ஏறிய மதிப்பால் கல்லாவுக்கு ஒரு பைசா வரவில்லை. நிலம் ஈடாக இருக்கும்போது அதன் இன்றைய விலைக்கு வேறு இடத்தில் மரியாதை உண்டு, இந்த விகிதத்தில் கிடையாது. அடுத்து, உறவு நிறுவனத்துக்குக் கொடுத்த 1 கோடியும் கழிகிறது. தோல் வாங்கவென்று வங்கி கொடுத்த பணம் சுற்றிவளைத்து அங்கே போயிருக்கலாம் என்பது சந்தேகம், பெரும்பாலும் நியாயமான சந்தேகம். ஆக 8 கோடி 5 கோடியாகிறது. இதற்குத்தான் வங்கி மொழியில் டேன்ஜிபிள் நெட் வொர்த் என்று பெயர்.

பிறகு கடன் பக்கம். டேர்ம் லோன் 3, சிசி 7, குடும்பக் கடன் 2, மொத்தம் 12 கோடி. 12-ஐ 5-ஆல் வகுத்தால் 2.4. இதோடு நிற்பதில்லை. வியாபாரிகளுக்குத் தர வேண்டிய 4 கோடியும் வெளியார் பணம்தான் என்று அதையும் சேர்த்து 16 கோடியை 5-ஆல் வகுக்கிறார்கள். 3.2 வருகிறது. கடன் விண்ணப்பங்களில் டி.ஓ.எல்./டி.என்.டபிள்யூ. என்று காணப்படும் மொத்த வெளிப்பொறுப்பு விகிதம் இதுதான். இந்திய வங்கிகள் நடைமுறை மூலதனக் கடனுக்கு, வெறும் கடன்–பங்கு விகிதத்தைவிட இதைக் கூர்ந்து பார்க்கின்றன.

0.38-லிருந்து 3.2 வரை! கணக்கில் ஒரு எழுத்து மாறவில்லை.

குடும்பக் கடன் 2 கோடி இதில் நடுவாந்திரமான ஆள். கைமாற்று போல எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்ற நிலையில் அது கடன். வங்கிக் கடன் தீரும்வரை எடுக்க மாட்டோம், வங்கிக்குப் பிறகுதான் எங்களுக்கு என்று கொடுத்தவர்கள் எழுதிக் கொடுத்தால், பல வங்கிகள் அதைச் சொந்த நிதிக்குச் சமமாக எடுத்துக்கொள்ளும். அப்போது கடன் 10, சொந்த நிதி 7 என்றாகி, கடன்–பங்கு விகிதம் 1.43-க்கும், மொத்த வெளிப்பொறுப்பு விகிதம் 14-ஐ 7-ஆல் வகுத்து 2.0-க்கும் இறங்கும். ஒரு உறுதிக் கடிதத்துக்கு இவ்வளவு பலன். அந்தக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்கு அடுத்த தை மாதமே 50 லட்சம் எடுத்தால், அடுத்த ஆண்டுப் புதுப்பித்தலில் கேள்வி அங்கிருந்துதான் தொடங்கும்.

எல்லை எது? வங்கிக்கு வங்கி, தொழிலுக்குத் தொழில் மாறும். உற்பத்தித் தொழிலில் கடன்–பங்கு விகிதம் 2, மொத்த வெளிப்பொறுப்பு விகிதம் 3 என்பவற்றைத் தாண்டினால் கூடுதல் விளக்கம் கேட்பது பொதுவான பழக்கம். சட்டத்தில் எழுதியதல்ல.

ஈடு 2 மடங்கு: எவ்வளவு தாங்கும்?

இனி லாப நட்டக் கணக்கு. விற்பனை 40 கோடியில் தேய்மானத்துக்கு முந்தைய லாபம் 3.60 கோடி. தேய்மானம் 0.90 போக 2.70 கோடி. வட்டி 1.35 கோடி. ஈடு விகிதம் சரியாக 2.

தேய்மானத்தைக் கழிக்காமல் 3.60-ஐ எடுத்து 2.67 என்று சொல்கிறவர்களும் உண்டு. தேய்மானத்துக்குக் காசு வெளியே போவதில்லையே என்பது அவர்கள் வாதம். டேனரிக்கு இது பொருந்தாது என்பேன். உப்பும் அமிலமும் படும் டிரம்மும் இயந்திரமும் தேயத்தான் செய்யும், ஒரு நாள் மாற்றத்தான் வேண்டும். எதுவானாலும், இரண்டு ஆண்டுகளை ஒப்பிடும்போது ஒரே சூத்திரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

2 மடங்கு என்றால் லாபம் பாதியாகக் குறைந்தாலும் வட்டி கட்டிவிடலாம் என்று கேட்க ஆறுதலாக இருக்கிறது. ஆனால் லாபம் பாதியாகக் குறைய என்ன நடக்க வேண்டும்? 1.35 கோடி போக வேண்டும். அது 40 கோடி விற்பனையில் 3.4 சதவீதம். அதாவது, தோலின் விலையை வாங்குகிறவர் 3.4 சதவீதம் இறக்கிவிட்டால் போதும், செலவு அப்படியே இருக்க, ஈடு 1-க்கு வந்துவிடும். 5 சதவீதம் இறக்கினால் 2 கோடி போய், லாபம் 0.70 கோடி, ஈடு 0.52.

விற்பனையில் 15 சதவீதம் லாபம் பார்க்கும் ஒரு மருந்துத் தயாரிப்பாளருக்கும் ஈடு 2 என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் விலை 7.5 சதவீதம் இறங்கும்வரை தாங்குவார். விகிதம் ஒன்றே, தாங்கும் தூரம் வேறு. 100 ரூபாய்க்கு 6.75 ரூபாய் மட்டும் மிஞ்சும் தொழிலில் ஈடு 2 என்பது மெலிந்த சுவர். பேரம் பேசும் அதிகாரம் வெளிநாட்டு பிராண்டுகளிடம் இருக்கும்போது 3 சதவீத விலைக்குறைப்பு ஒரே மின்னஞ்சலில் வந்துவிடும்.

வட்டி விகிதமும் இந்தச் சுவரை அரிக்கும். 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் குறுகிய காலக் கடனின் வட்டியான ரெப்போ விகிதத்தை 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதத்துக்கு ஏற்றியது. சிறு, நடுத்தர நிறுவனங்களின் மிதக்கும் வட்டிக் கடன்கள் பெரும்பாலும் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு கட்டப்பட்டவை, ஆகவே ஏற்றம் தாமதமில்லாமல் அவற்றின் மேல் விழுந்தது. 13.5 கோடி கடனுக்கு 2.5 சதவீதம் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 34 லட்சம். நம் டேனரியின் ஈடு 2-லிருந்து 1.6 ஆகும். அதே நேரம் கடன்–பங்கு விகிதம் அசையவே அசையாது.

13.5 கோடியா? பேலன்ஸ் ஷீட்டில் 10 தானே இருந்தது?

கவனித்தவர்கள் கேட்பீர்கள். இரண்டு விகிதங்களையும் ஒன்றோடு ஒன்று உரசிப் பார்க்கும் இடம் இது.

1. மார்ச் 31 அன்று வங்கிக் கடன் 10 கோடி. குடும்பக் கடனுக்கு வட்டி இல்லை.
2. வங்கி வட்டி 10 சதவீதம் என்று வைத்தால் ஆண்டு வட்டி 1 கோடிதான் வர வேண்டும்.
3. கட்டியிருப்பதோ 1.35 கோடி.
4. அப்படியென்றால் ஆண்டு முழுக்கச் சராசரியாக 13.5 கோடி கடன் இருந்திருக்கிறது.

டேர்ம் லோன் ஆண்டுத் தொடக்கத்தில் 3.75 கோடியாக இருந்தது, அது வித்தியாசத்தில் சிறு பங்கு. மீதி எல்லாம் சிசி. ஆண்டெல்லாம் 10 கோடிக்கு மேல் நின்ற சிசி, மார்ச் கடைசி வாரத்தில் 7 கோடிக்கு இறங்கியிருக்கிறது. எப்படி? புதுத் தோல் வாங்குவதை இரண்டு வாரம் நிறுத்தி, வியாபாரிகளுக்குக் கொடுக்க வேண்டியதை ஏப்ரலுக்குத் தள்ளி, வந்த வசூலை எல்லாம் சிசியில் கொட்டினால் இறங்கும். ஏப்ரல் 10-ஆம் தேதி பழையபடி ஏறிவிடும். பேலன்ஸ் ஷீட்டுக்குப் பவுடர் பூசுவது என்று இதைச் சொல்லலாம். சட்டப்படி குற்றமில்லை, ஆனால் யாரும் ஏமாறுவதும் இல்லை. சிசி கணக்கை வைத்திருப்பதே வங்கிதான். மாதாமாதம் போகும் ஸ்டாக் ஸ்டேட்மென்டும் ஜி.எஸ்.டி. ரிட்டர்னும் அதே மேசையில் இருக்கின்றன.

குடும்பத்தின் உறுதிக் கடிதம் இருப்பதாகவே வைத்தாலும், சராசரியை எடுத்தால் கடன்–பங்கு விகிதம் 1.43 அல்ல, 13.5-ஐ 7-ஆல் வகுத்து 1.93. வட்டி ஈடு என்ற 365 நாள் கணக்கு, ஒரு நாள் படத்தில் மறைந்ததைக் காட்டிக் கொடுத்துவிட்டது.

கேட்ட 4 கோடி என்ன செய்யும்?

இந்த டேனரி இப்போது சிசி லிமிட்டை 11-லிருந்து 15 கோடியாக்கக் கேட்கிறது. காரணம் எளிது. வாங்குகிறவர்கள் 60 நாளில் பணம் தந்துகொண்டிருந்தார்கள், இப்போது 97 நாள் கேட்கிறார்கள். 40 கோடி விற்பனைக்கு 37 நாள் கூடுதல் பாக்கி என்றால் சுமார் 4 கோடி.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு புது ஸ்பிளிட்டிங் இயந்திரத்துக்குக் கடன் வாங்கினால் கடன்–பங்கு விகிதம் முதலில் ஏறும், பிறகு உற்பத்தி கூடி ஈடும் ஏறலாம். பாக்கியைத் தாங்குவதற்காக வாங்கும் கடனில் விற்பனை ஒரு சதுர அடிகூடக் கூடுவதில்லை. கடனும் வட்டியும் ஏறும், லாபம் அதே இடத்தில் நிற்கும். இந்த வட்டாரம் இப்படிப்பட்ட கடனை முன்பே பார்த்திருக்கிறது. பாலாறு மாசுபட்ட வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்குப் போட்ட முதலீடு தவிர்க்க முடியாதது, செய்ய வேண்டியதும்கூட. ஆனால் கழிவுநீர் ஆலை தோல் விற்றுத் தராது. அந்தக் கடன் ஒரு கையால் கடன்–பங்கு விகிதத்தை ஏற்றி, மறு கையால் ஈட்டைக் குறைக்கும்.

4 கோடியைக் கொடுத்தால் என்ன ஆகும்?

- உறுதிக் கடிதம் இருப்பதாக வைத்து, மார்ச் 31 கணக்கில் கடன் 14, சொந்த நிதி 7, விகிதம் 2.0. எல்லைக்குள்தான், தாராளமாகக் கொடுக்கலாம் போலத் தோன்றும்.
- சராசரிக் கடனை வைத்தால் 17.5-ஐ 7-ஆல் வகுத்து 2.5.
- வட்டி 1.35-லிருந்து 1.75 கோடி. ஈடு 2.70-ஐ 1.75-ஆல் வகுத்து 1.54.
- ஈடு 1-க்கு இறங்க இனி விலை 2.4 சதவீதம் குறைந்தாலே போதும்.

நாள் கேட்கும் அதே வாங்குபவர்தான் விலைக்குறைப்பும் கேட்கிறார். சுவரை மெலிதாக்கும் கடனும், சுவரில் மோதப்போகும் விலைக்குறைப்பும் ஒரே வாசல் வழியாக வருகின்றன. வங்கி தயங்குவது இதற்காகத்தான்.

டேர்ம் லோனில் அசலும் உண்டு, ஆண்டுக்கு 75 லட்சம். வட்டி ஈடு அசலைப் பார்ப்பதில்லை. அதனால் அசலையும் வட்டியையும் சேர்த்துப் பார்க்கும் டி.எஸ்.சி.ஆர். என்று மூன்றாவதாக ஒன்றைப் போடுகிறார்கள். வரிக்குப் பிந்தைய லாபம், தேய்மானம், டேர்ம் லோன் வட்டி மூன்றையும் கூட்டி, டேர்ம் லோனின் வட்டி, அசல் தவணையின் கூட்டுத்தொகையால் வகுப்பது. கொரோனா காலக் கடன் மறுசீரமைப்புக்கு கே.வி. காமத் தலைமையிலான குழு 2020-இல் பரிந்துரைத்த ஐந்து விகிதங்களிலும் இது இருந்தது, மொத்த வெளிப்பொறுப்பு விகிதமும் இருந்தது. வெறும் வட்டி ஈடு அதில் தனியாக இடம்பெறவில்லை.

கடன் கனத்துவிட்டது என்று எப்படித் தெரியும்

விகிதங்கள் ஆண்டுக்கு ஒருமுறை வரும். அதற்கு முன்பே சிசி கணக்கு பேசத் தொடங்கிவிடும். லிமிட்டின் உச்சியிலேயே மாதக் கணக்கில் நிற்பது, வசூல் வந்த அன்றே முழுதும் வெளியே போவது, மாதக் கடைசியில் ஏறும் வட்டியைக் கட்ட உறவினர் கணக்கிலிருந்து பணம் வருவது, கெமிக்கல் கடைக்குக் கொடுத்த காசோலை திரும்புவது. சிசி இருப்பு லிமிட்டைத் தாண்டியே 30 நாளுக்கு மேல் நின்றால் ரிசர்வ் வங்கி விதிப்படி, வாராக்கடனாகும் முன் வரும் எச்சரிக்கைப் படிகளில் ஒன்றான எஸ்.எம்.ஏ.-1, 60 நாளைத் தாண்டினால் எஸ்.எம்.ஏ.-2, 90 நாளைத் தாண்டினால் வாராக்கடன். 5 கோடியோ அதற்கு மேலோ கடன் உள்ளவர்களின் இந்த நிலை மற்ற வங்கிகளின் பார்வைக்கும் போய்விடும் என்பதால், ஓரிடத்தில் சிக்கியவர் இன்னோரிடத்தில் புதிதாக வாங்குவது கடினம்.

பேரம் எங்கே முடியும்

மேலே சொன்ன விண்ணப்பத்துக்கு நிதானமான ஒரு வங்கி அதிகாரி முழு மறுப்பும் சொல்ல மாட்டார், 4 கோடியும் தரமாட்டார். உறவு நிறுவனத்துக்குக் கொடுத்த 1 கோடியைத் திரும்ப வாங்கி சிசியில் கட்டச் சொல்வார். குடும்பக் கடனுக்கு உறுதிக் கடிதம் கேட்பார். இவை இரண்டும் நடந்தால் சொந்த நிதி 8 கோடி, சராசரிக் கடன் 12.5 கோடி, விகிதம் 1.56. அதன் மேல் 2 கோடி கூடுதலாகக் கொடுத்தால் கடன் 14.5 கோடி, விகிதம் 1.81.

வட்டி ஈட்டில் அவ்வளவு முன்னேற்றம் கிடைக்காது. வட்டி 1.45 கோடி, ஈடு 1.86, தாங்கும் விலைக்குறைப்பு 3.1 சதவீதம். கடன்–பங்கு விகிதத்தை ஒரு கடிதமும் ஒரு வங்கிப் பரிமாற்றமும் இரண்டு வாரத்தில் சரிசெய்துவிடும். ஈட்டை அப்படிச் சரிசெய்யக் காகிதம் ஏதுமில்லை. 97 நாளை 78 நாளாகப் பேசி இறக்கினால்தான் இந்த 2 கோடி போதும். அந்தப் பேச்சு வங்கியில் நடப்பதல்ல, ஆம்பூரில் தோல் வாங்குகிற ஷூ கம்பெனியின் பர்ச்சேஸ் மேனேஜர் மேசையில் நடப்பது.